நூற்றுக்குக் கீழே இறங்க வேண்டிய நாடி

என் அறைத்தோழனின் அம்மாவுக்கு மறுநாள் காலை அறுவை சிகிச்சை. அவருடைய ரத்த வகை ரத்த வங்கியில் கையிருப்பு இல்லை. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு பை சேராவிட்டால் தேதி தள்ளிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வகை என் உடம்பில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருஷத்தில் என்னை ஒருவர் தேடி வந்தது அன்றுதான்.

தேடி வந்தவர் தோழனின் சித்தப்பா. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவர் அதற்கு எதிர்த்திசையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்துவிடத் தீர்மானித்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் என் தட்டில் சோறு குறையவே இல்லை.

"போதும் சித்தப்பா."

"என்னப்பா போதும்? ஒரு பை நிறைய எடுப்பாங்க. அது எங்கேர்ந்து வரும்?"

கோழி வந்தது. முட்டை வந்தது. மறுபடி சோறு வந்தது. கடைசியில் இனிப்பு. எழுந்தபோது நான் நடக்கவில்லை, சித்தப்பா என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

ரத்த வங்கியில் நர்ஸ் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாடி நூத்தி நாலு. நூறுக்கு மேல இருந்தா எடுக்க மாட்டோம் தம்பி. கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"இப்பத்தான்."

"எவ்வளவு?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

"சாப்பாடு இறங்கினதும் குடலுக்குப் போற ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சுக்கும்," என்றார் அக்கா. "ரத்தம் அங்க நிறையப் போகும். மத்த இடத்துல அழுத்தம் குறையாம இருக்கணும்னா இதயம் வேகமா அடிக்கணும். நிறையச் சாப்பிட்டா நிறைய வேலை. சும்மா உக்காருங்க."

"எவ்வளவு நேரம்மா இருக்கும்?" சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சமா சாப்பிட்டிருந்தா சீக்கிரம் இறங்கும். இவர் சாப்பிட்டதுக்கு ரெண்டு மூணு மணி நேரம்கூட ஆகலாம்."

சித்தப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. செரிக்கட்டும் என்று என்னை மாடிப்படியில் ஏற்றி இறக்கினார். அப்புறம் ஒரு டீ வாங்கி நீட்டினார். அரை மணி கழித்து அக்கா மறுபடி பார்த்தார். நூற்றுப் பதினொன்று.

"ஏறிடுச்சே," என்றார் சித்தப்பா, தங்கம் விலை கேட்டவர் போல.

"சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறத்தான் செய்யும், உச்சத்துக்குப் போயிட்டுத்தான் இறங்கும். நீங்க வேற படி ஏத்தியிருக்கீங்க, டீ வேற. ஐயா, இவரை விட்டுட்டு அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

சித்தப்பா வராந்தாவின் மறுகோடிக்குப் போனார். அங்கிருந்தே என் நெஞ்சை உற்றுப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் எந்த நெஞ்சுதான் நிதானமாக அடிக்கும்.

தோழன் அம்மாவின் வார்டிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பரீட்சையன்றுகூடத் தூங்குகிறவன். அன்று கண் இமைக்கவில்லை.

"அம்மாவுக்கு இது ரெண்டாவது தேதிடா," என்றான். "போன தடவை காய்ச்சல் வந்து தள்ளிட்டாங்க. இன்னொரு தடவை தள்ளினா அம்மாவே ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடுவாங்க. பயம் அவங்களுக்கு. சொல்ல மாட்டாங்க."

நான் மனசுக்குள் என் வயிற்றைத் திட்டினேன். அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏதாவது பேசுடா," என்றான்.

"பேசினா ஏறும்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு என் தோளில் தலை சாய்த்துத் தூங்கியும் விட்டான். அந்த மூச்சுச் சத்தத்தை ஹாஸ்டலில் சபித்திருக்கிறேன். அன்று அதைக் கேட்டபடி நானும் அசையாமல் இருந்தேன். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்துகொண்டே போனது.

நாலு மணி தாண்டி அக்கா வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். இந்த முறை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினார். வராந்தா கோடியில் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"தொண்ணூத்தாறு. வாங்க."

ஊசி போனது. பை மெதுவாக நிறைந்தது. முடிந்ததும் அக்கா பிஸ்கட்டும் ஜூஸும் எடுத்து சித்தப்பாவிடம் கொடுத்து, "இதை அவருக்குக் குடுங்க," என்றார். சித்தப்பா வாங்கவே தயங்கினார்.

"குடுக்கலாமாம்மா?"

"இப்ப குடுக்கலாம்."

ஒரே ஒரு பிஸ்கட்டை என் கையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நின்றுகொண்டார்.

தோழன் சுவரோரம் போய் மேல்மாடி வார்டுக்குப் போன் பண்ணினான். "அம்மா, நாளைக்குக் காலையிலதான்," என்றான். "இல்லம்மா. தள்ளல." அப்புறம் அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவன் வெகுநேரம் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.