வியாழக்கிழமைக் கார்

பேராசிரியர் ரகுபதியின் அறைக்கதவு அன்றும் பூட்டியே இருந்தது. எதிரில் கிடந்த பெஞ்சில் பிரணவரூபன் அமர்ந்தான், எழுந்தான், ஜன்னலண்டை போய் ஒரகடம் சாலையில் ஊர்ந்த லாரிகளைப் பார்த்தான், மறுபடி வந்து அமர்ந்தான். கிளிநொச்சியிலிருந்து உதவித்தொகை பெற்று இந்தப் பொறியியல் கல்லூரிக்கு ஆய்வு முதுகலைக்காக வந்து சேர்ந்த நாள்முதலாக, இந்தக் காத்திருப்பே அவனுக்குப் பாதி வேலையாகிவிட்டது.

திங்கட்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. வழிகாட்டியின் கையெழுத்தோடு ஆய்வுத் தலைப்பை வைக்காதவர்களுக்கு அந்தப் பருவம் கணக்கில் வராது. அவனுடைய உதவித்தொகையோ ஒரு பருவம்கூட நீளாது.

"இன்னா ரூபா, இன்னிக்கும் கதவுக்குக் காவலா?" என்றபடி எழிலரசி வந்தாள். அதே பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள், பிள்ளைப்பாக்கத்துக்காரி.

"சேர் நாளைக்குப் பாப்பம் எண்டவர் அக்கா."

"எந்த நாளைக்குன்னு கேட்டியா? மனுசன் பாதி நாளு டெல்லில, மீதி நாளு கம்பெனில. மெயில் போட்டியா?"

"போட்டனான். பதில் இல்லை. திருப்பி எழுதினா மரியாதையில்லை எண்டு விட்டுட்டன்."

அவன் போனை வாங்கிப் படித்தவள் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தாள். வணக்கத்தில் தொடங்கி, ஊர், படிப்பு, நன்றி என்று நீண்ட கடிதத்தில் கேள்வி கடைசி வரியில்தான் இருந்தது: அடுத்து நான் என்ன செய்ய வேண்டும் ஐயா?

"ஒரு நாரை இருந்துச்சாம். மீனே வந்து கூப்புடட்டும்னு கொளத்தாண்ட மரியாதையா நின்னுகினு இருந்துச்சாம். கொளம் வத்திப்போச்சு. நாரை இன்னும் நிக்குதாம்."

"அந்த நாரைக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சதோ அக்கா?"

"வாய் மட்டும் நல்லா கீது. இதை அவர்கிட்ட காட்டு!"

அவள் போய்விட்டாள். சிரித்துப் பேசினானே ஒழிய, அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாரையின் நிலை அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றவில்லை. பழைய கடிதத்தை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்கினான். போன் திரை ஒன்றில் அடங்கும் அளவுக்குச் சுருக்கினான். தகடுகளைப் புள்ளிபுள்ளியாகப் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டிங் முனை தேயத் தேய இணைப்பின் வலு எப்படிக் குறைகிறது என்பது ஆய்வு. வழிகள் இரண்டு: பேராசிரியர் ஆலோசகராக இருக்கும் வாகனத் தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் அளப்பது அல்லது கல்லூரி லேபில் தகடுகளை இணைத்து இழுத்து உடைத்துப் பார்ப்பது. தன் விருப்பம் முதலாவது. வியாழன் காலை அவர் வீட்டிலிருந்து நேரே தொழிற்சாலைக்குப் போகும் காரில் சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறிக்கொள்ளலாமா?

ஆய்வுக்குழு ஒருங்கிணைப்பாளர் சுந்தராம்பாளுக்கும் ஒரு நகல் அனுப்ப நினைத்தபோது விரல் நின்றது. கோள் சொல்வதாகப் பேராசிரியர் எடுத்துக்கொண்டால்? பெயரைச் சேர்த்தான், அழித்தான், சேர்த்தான். 'திங்கட்கிழமைக் கூட்டத்துக்காக மேடத்துக்கும் நகல்' என்றொரு வரி எழுதிக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

இரவு வந்த பதில் இவ்வளவுதான்: 'ஏறிக்கோ.'

வியாழனன்று கார் புறப்பட்டதும் பேராசிரியர் யாரோடோ போனில் பேசத் தொடங்கினார். ரூபன் ஆய்வுத் தலைப்பு எழுதிய தாளை மடித்தான், விரித்தான். நல்லவேளையாக, ஒரகடத்துக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டன. ஓட்டுநர் அலுத்துக்கொண்டார். ரூபனுக்கு மட்டும் அது திருவிழாவாக இருந்தது. போனை வைத்த பேராசிரியர் தாளை வாங்கினார்.

"லைன்ல அளக்கிறதா? உனக்காக ஷிப்ட் நடுவுல எவன்பா மெஷினை நிறுத்துவான்? லேப்லயே பண்ணு. ஆனா தகடு, அவங்க லைன்ல ஓடுற அதே தகடா இருக்கணும். அதுக்கு நான் கம்பெனில சொல்றேன்."

தன் விருப்பம் உடைந்ததில் அவனுக்கு ஒரு நொடி முகம் வாடியது. பதில் வராமலே அந்த வழியில் ஓராண்டு நடந்திருந்தால் என்ற எண்ணம் வந்ததும் பேனாவை எடுத்தான். தலைப்பை அங்கேயே திருத்தினான். பேராசிரியர் மடியில் வைத்துக் கையெழுத்திட்டார்.

"அவ்ளோதானே?"

"இன்னுமொண்டு சேர். நீங்கள் ஊரில இல்லாத நேரம் நான் ஆரைக் கேக்கிறது? சுந்தராம்பாள் மேடம் இணை வழிகாட்டியா இருக்கலாமோ?"

முன் கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தன.

"நான் பத்தலையா உனக்கு?"

"நீங்கள் சொன்னது பத்தும் சேர். நீங்கள் கிடைக்கிறதுதான் பத்தாது."

வாய்தவறி வந்துவிட்டது. ரூபனின் காது சுட்டது. ரகுபதி அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெளியே லாரிகளைப் பார்த்தார்.

"எழிலரசி ரெண்டு வருஷமா இதைக் கேக்காம சுத்தறா," என்றார். தாளை மறுபடி வாங்கித் தம் பெயருக்குக் கீழே சுந்தராம்பாளின் பெயரை எழுதினார். "அவங்க ஒத்துக்கணும். நீயே போய்க் கேளு. நான் இருக்கிற வியாழக்கிழமை கார்ல ஏறிக்கோ."

லாரிகள் நகர்ந்தன. போன் மறுபடி ஒலித்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கிய ரூபன், புழுதியில் நின்றபடியே பேசி முடிவானதை நாலு வரியில் எழுதிப் பேராசிரியருக்கும் சுந்தராம்பாளுக்கும் அனுப்பினான்.

"காலேஜாபா? ஏறு, ஏறு!" என்று ஷேர் ஆட்டோக்காரர் கூவினார். சுந்தராம்பாளிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடியே அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.