ஜூன் மாதத்து அக்டோபர்

அந்த ஆபீசில் அவளுக்கு உடும்பு என்று பெயர். ஒரு வேலையைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்தது. ஆறு வருடமாக அடுத்தவர் எடுத்த படங்களில் பரு, தொப்பை, மின்கம்பம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்தாள். படத்தின் கீழே அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

ஊர்ப் பூங்காவுக்காக அந்த ஆபீஸ் தயாரித்த அடுத்த வருடக் காலண்டரில் அக்டோபர் மட்டும் காலி. இலை நிறம் மாறும் வாரத்தில் போட்டோகிராபர் தன் கல்யாணத்தில் இருந்தார். இருந்தது, ஜூனில் அதே பூங்காவில் உடும்பு எடுத்த ஒரு படம். குளக்கரை பெஞ்சில் அவளுடைய அப்பா. சுற்றிலும் பச்சைப் பசேல் என்று மரங்கள்.

"நாலு மணிக்குள்ள இதை இலையுதிர்காலமா மாத்திக் காட்டு, உன் பேரே போட்டுடலாம்" என்றார் முதலாளி. "இல்லேன்னா அந்த இடத்துல மேயர் ரிப்பன் வெட்டற படம். ஆனா இலையைத் தவிர வேற எதையும் தொடக்கூடாது. பூங்காக்காரங்க கண்டிஷன்."

"சரி சார்."

"மேயர் படம் ஏற்கெனவே ரெடி" என்று கூடுதலாக ஊக்கப்படுத்திவிட்டுப் போனார்.

பச்சை நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, சாயலைச் சிவப்புப் பக்கம் தள்ளினாள். மரங்கள் அசைந்து கொடுக்கவில்லை. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இலை, கம்ப்யூட்டர் கணக்கில் பெரும்பாலும் மஞ்சள். அது அவளுக்குத் தெரியும், அவசரத்தில் மறந்திருந்தாள். மஞ்சளையும் சேர்த்துத் தள்ளினாள். மரங்கள் தகதகவென்று ஆரஞ்சாயின. கூடவே அப்பாவின் முகம் வெந்த நண்டாயிற்று. இளம்பச்சைச் சட்டை செங்கல் நிறத்துக்குப் போனது.

மாற்றம் இலைமேல் மட்டும் விழும்படி ஒரு மறைப்பைப் போட்டு, அப்பாவையும் பெஞ்சையும் வெளியே நிறுத்தினாள். மரங்கள் எல்லாம் ஒரே ஆரஞ்சாக, ஒரே வாளியில் முக்கியெடுத்ததுபோல நின்றன. மரத்துக்கு மரம் மறைப்பைப் பிரித்து, ஒன்றை மஞ்சளோடு விட்டாள், ஒன்றைத் துருச்சிவப்பு வரை இழுத்தாள். வெளிச்சத்தையும் நிழலையும் தொடவில்லை. மூன்றேகாலுக்குப் படம் தயார்.

சரிபார்க்க வந்த பூங்காவின் தலைமைத் தோட்டக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிரும்போது முகம் மாறியிருந்தது.

"யாரும்மா என் பைன் மரத்தைக் கொன்னது?"

"எது சார்?"

"இந்த மூணும் பைன். அக்டோபர்ல பச்சையாத்தான் நிக்கும். இப்படிச் சிவந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தம். புல்லையும் கருக்கி வெச்சிருக்க. இதை அச்சடிச்சா ஊரே என்னைக் காறித் துப்பும்."

"மேயரே போட்டுடலாமே" என்றார் முதலாளி.

"மணி நாலாகலை சார்." உடும்பு நாற்காலியை இழுத்துத் தோட்டக்காரர் அருகே போட்டாள். "எது எது உதிர்ற மரம்னு விரலால காட்டுங்க. திரையைத் தொட்டாலும் பரவாயில்லை."

அவர் காட்டக் காட்ட, அவள் மறைப்பை மாற்றி வரைந்தாள். பைன் மூன்றும் உயிர்த்தெழுந்தன. புல் பச்சைக்குத் திரும்பியது. பச்சை பக்கத்தில் வந்ததும்தான் அந்தச் சிவப்பு நிஜச் சிவப்பானது.

அப்போதுதான் உடும்பு குளத்தைப் பார்த்தாள். கரையில் அக்டோபர். தண்ணீரில் ஜூன். கவிழ்ந்து தெரிந்த மரங்கள் அத்தனையும் பச்சை.

தூரிகையைக் குளத்தில் வைத்தாள்.

"ஏய், இலையைத் தவிர வேற எதையும் தொடக்கூடாதுன்னேன்" என்றார் முதலாளி. "அது தண்ணி."

"தண்ணியில தெரியறது இலை சார்."

"தண்ணி தண்ணிதான்."

"சார், காலையில கண்ணாடியில தெரியறது நீங்களா, கண்ணாடியா?"

தோட்டக்காரர் இருமுவதுபோலச் சிரித்தார். "விடுங்க, அவ சொல்றது நியாயம். கரையில சிவந்தா குளமும் சிவக்கும். வருஷா வருஷம் பாக்கறேன்."

எந்த மரத்துக்கு எந்த நிறமோ, கீழே அதன் தலைகீழ் பிம்பத்துக்கும் அதே நிறம். பைனின் பிம்பத்தைப் பச்சையாகவே விட்டுவிட்டாள். மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கையை எடுத்தாள்.

தோட்டக்காரர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மறுபடி குனிந்தார்.

"பெஞ்சுல யாரு?"

"எங்க அப்பா."

"அக்டோபர்ல பூங்காவுல பல்லு கிட்டிக்கும். இவரு அரைக்கைச் சட்டையில ஐஸ்கிரீம் தின்னுட்டு இருக்காரே?"

முதலாளி மேயர் படத்தைத் தேட ஆரம்பித்தார்.

"இலையைத் தவிர எதையும் தொடக்கூடாது சார்" என்றாள் உடும்பு, முகத்தில் சலனமே இல்லாமல். "அதுவும் போக, எங்க அப்பாவுக்குக் குளிரே தெரியாது. நீங்க வேணா கேட்டுப் பாருங்க."

தோட்டக்காரர் அந்த மனிதரைச் சற்றுநேரம் மரியாதையோடு பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

உடும்பு படத்தின் கீழே தன் பெயரை அடித்தாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு, யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.