திரும்பி வராத மெஷின்கள்

சரின்னு சொல்லிடாதே. முதல்ல கேள். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்.

கனிமொழி இப்படித் தனக்குள் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாய் "சரி சார்" என்றுவிட்டது. எப்போதும் அப்படித்தான். கைக்குழந்தையோடு வேலை கேட்டு வந்தவளை மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டவர் இராஜாங்கம். அன்றிலிருந்து அவர் எது கேட்டாலும் அவளுடைய வாய் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் நின்றுகொள்ளும்.

குத்தாலம் கடைத்தெருவில் விவசாயக் கருவி மொத்த வியாபாரம் அவருக்கு, சில்லறை விற்பனையும் உண்டு. பில், ஸ்டாக், வரி எல்லாம் கனிமொழி பொறுப்பு. போன மாதம் சில்லறைக் கடைக்காரர்களுக்கு விருந்து வைத்து, மருந்தடிக்கும் பேட்டரி மெஷின் ஆளுக்கொன்று பரிசாகக் கொடுத்திருந்தார். எந்தக் கணக்கிலும் ஏற்றவில்லை. கணினியில் அவை இன்னும் குடோனில் இருந்தன. நாளைக் காலை மெஷின் கம்பெனி ஆள் ஸ்டாக் சரிபார்க்க வருகிறார். அதற்குள் கணக்கைச் சரிக்கட்டித் தரச் சொல்லித்தான் கேட்டிருந்தார்.

"கிஃப்ட்னே போட்டுடலாமே சார். ஸ்டாக் குறைஞ்சிடும்."

"போட்டா?"

"வாங்கும்போது கட்டின வரியைக் கிரெடிட்டாக் கழிச்சுக்கிட்டோமே, அதைத் திருப்பிக் கட்டணும். இனாமாக் கொடுத்த சரக்குக்கு அது கிடையாது."

"நல்லா இருக்கும்மா உங்க சட்டம். இனாம் கொடுத்தவனுக்கே தண்டம்." அவர் சிரித்தபடி ஒரு தாளை அவள் முன் வைத்தார். "வாரண்டில மாத்திக் கொடுத்ததாப் போடு. விலை சைபர், வரியும் இல்லை. கிரெடிட்டும் போகாது. கம்பெனியும் பதிலுக்குப் புதுசு அனுப்பிடுவான்."

தாளில் முன்பு விற்ற மெஷின்களின் நம்பர்கள் இருந்தன.

அவர் சொன்ன விதி சரிதான். வாரண்டியில் மாற்றித் தரும் பொருளின் விலை முதல் விற்பனையிலேயே அடங்கிவிடுகிறது. அதற்குத் தனியாக வரி இல்லை. ஆனால் மாற்றித் தந்தால் பழுதானது உள்ளே வர வேண்டும். புதியது ஒன்று வெளியே, பழையது ஒன்று பழுது அலமாரிக்கு. அந்த அலமாரி காலியாகக் கிடந்தது.

"பழைய மெஷின் எங்கேன்னு கேப்பாங்களே சார்."

"நம்பர்தான் கேப்பான். உடைச்சுப் போட்டாச்சுன்னு சொல்லிக்கலாம்."

மாற்றுப் பதிவுக்கான பக்கத்தைத் திறந்தாள். வலது மூலையில் அவளுடைய பெயர் மின்னியது. முதல் நம்பரை அடிக்க விரல் எழவில்லை.

அப்போது முதுகில் மெஷினைச் சுமந்தபடி ஜன்னத் பீவி உள்ளே வந்தார். கூத்தாநல்லூர்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறவர்.

"என்ன கனி, உங்க மெஷினுக்கு மூச்சே வரலை. பயிர்ல இலைச்சுருட்டுப் புழு விழுந்திருக்கு. நான் வாயால ஊதியா மருந்தடிக்கிறது?"

"கொடுங்க அக்கா, பாக்கறேன்."

மோட்டார் செத்திருந்தது. பில்லில் வாரண்டி இன்னும் முடியவில்லை. மெஷினைக் கவிழ்த்து அடியில் இருந்த நம்பரைப் படித்தாள். எங்கோ பார்த்த நம்பர். எங்கோ என்ன, அவளுடைய முழங்கைக்குக் கீழே இருக்கிற தாளில்தான்.

ஒரு நம்பருக்கு ஒருமுறைதான் மாற்று. இதை முன்னாலேயே ஏற்றியிருந்தால் இப்போது கணினி 'ஏற்கெனவே மாற்றப்பட்டது' என்று காட்டியிருக்கும். இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான். சொல்லியும் இருப்பாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

குடோனிலிருந்து புது மெஷினை எடுத்து வந்தாள். விலை சைபர் என்று ஏற்றி, பழைய நம்பரையும் புது நம்பரையும் பதிந்தாள். செத்த மெஷினில் சீட்டு ஒட்டிப் பழுது அலமாரியில் வைத்தாள். ஜன்னத் பீவி புதியதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுவாவது என் ஆயுசுக்கு வரட்டும்" என்று கிளம்பினார்.

இராஜாங்கம் தாளைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"தூரத்து ஊர்க்காரங்கன்னு பாத்துத்தான் எடுத்தேன்" என்றார். பேனாவால் அந்த ஒரு நம்பரை அடித்தார். "இதை விடு. வேற ஒண்ணு தர்றேன். மத்ததை ஏத்து."

அவர் அடிக்காமல் விட்ட நம்பர்களை அவள் பார்த்தாள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முதுகில் இருந்தது. ஏதோ ஒரு வயலில் இந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"கனி, உன்னை நான் வேலைக்காரியாவா நடத்தறேன்?"

"இல்ல சார்."

"அப்பறம் என்ன?"

சரி என்ற சொல் வழக்கம்போலத் தொண்டைக்கு வந்து நின்றது. இந்த முறை அதை விழுங்கினாள். வேலை போனால் என்ன செய்வது என்ற நினைப்பையும் சேர்த்து விழுங்க முடியவில்லை. அது அப்படியே நெஞ்சில் நின்றது. திறந்திருந்த பக்கத்தை மூடினாள். தாளை மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கிஃப்ட்னா இப்பவே ஏத்தித் தர்றேன் சார். இதை நான் போட மாட்டேன்."