பெல்ட் கழற்றிய தட்டு

சுழலும்போது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். மூடினால் தலை கிறுகிறுத்துத் தரையில்தான் கிடப்பேன் என்று தெரியும். ஆனாலும் தோன்றும். ஸ்கேட்டிங் தளத்தின் கம்பி வேலி, அதற்குப் பின்னால் நிற்கும் வாகை மரம், பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்க்கிற அம்மாக்கள் எல்லாம் ஒரே பச்சைச் சாயமாகக் கலந்து என்னைச் சுற்றி ஓடும். அதற்கு நடுவில் நான் மட்டும் அசையாமல் நிற்பதுபோல இருக்கும். அந்த ரெண்டு மூன்று விநாடிக்காகத்தான் இருபத்தேழு வயதிலும் சக்கர ஷூவை மாட்டிக்கொண்டு அலைகிறேன்.

கோயமுத்தூரில் ஸ்கேட்டிங் என்றால் ரேஸ்தான். குனிந்து ஓடு, வளைவில் முந்து, மெடல் வாங்கு. என்னைப்போலப் பாட்டுக்கு ஆடிச் சுழல்கிறவர்கள் எங்கள் கிளப்பில் இரண்டே பேர். நான் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஹாரிகா இன்னொருத்தி. மாநிலப் போட்டிக்கு ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். அதற்கான தேர்வில் கைகளை விரித்துச் சுழல ஆரம்பித்து, உள்ளே இழுத்துக்கொண்டு, அதற்குப்பிறகு நான்கு முழுச் சுற்று முடித்து, விழாமல் வெளியே வரவேண்டும். போன வருடத் தேர்வில் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்து உள்ளே பிளேட் வைத்தார்கள். இந்த வருடமும் விழுந்தால் ஷூவை யாருக்காவது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கப்போகிறேன் என்று சாஜிதாவிடம் சத்தியம் செய்திருந்தேன். சத்தியம் செய்தால் மீறமாட்டேன், அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

சாஜிதா பேகம் பீளமேடு ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி. அவளுடைய அண்ணன் நசுருதீன் ஆவாரம்பாளையத்தில் மோட்டார்களையும் பம்புகளையும் சோதித்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நான் சுழன்று பழக ஒரு தட்டு வேண்டும் என்று அவள்தான் அவரிடம் சொன்னாள்.

"செஞ்சுபோடலாங்க அம்மணி, அதென்ன பெரிய விசயம்," என்றார் அவர். பத்தே நாளில் செய்தும்விட்டார். இரண்டடி அகலத்தில் பிளைவுட் தட்டு, அடியில் நல்ல பேரிங், பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார், இரண்டையும் இணைக்கும் பெல்ட். மோட்டாருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டி வேறு. எங்கள் ஊர்க்காரர்களிடம் சுற்றுகிற பொருள் எதைக் கேட்டாலும் முதலில் மோட்டாரைத்தான் மாட்டுவார்கள். நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

"நிமிசத்துக்கு முப்பது சுத்து வெச்சிருக்கறனுங்க. நீங்க என்ன ஆட்டம் போட்டாலும் முப்பது முப்பதுதான். லோடு மாறலாம், ஸ்பீடு மாறாது. அதுதான் நம்ம கடை," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

ஆறு வாரம் தினமும் காலையில் ஆபீஸ் போகும் முன் பட்டறைக்குப் போய் அந்தத் தட்டில் நின்றேன். என்ன சுகம் தெரியுமா! இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று. ஜன்னல் வெளிச்சம் வரும், போகும், மறுபடி வரும். சுவரில் வரிசையாகத் தொங்கும் செம்புக் கம்பிச் சுருள்கள் மினுங்கிக்கொண்டே நகரும். கைகளை விரிப்பேன், நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன், மறுபடி விரிப்பேன். தூளியில் கிடத்தி யாரோ ஆட்டுவதுபோல இருக்கும். கையை உள்ளே இழுக்கும்போது மட்டும் பாதத்துக்கு அடியில் ஒரு பிடிப்பு தெரியும், தட்டு என் காலைப் பின்னால் இழுப்பதுபோல. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. பயம் போய்விட்டது என்று நினைத்தேன். எப்போது பதறினாலும் கையைக் கட்டிக்கொண்டால் போதும், ஒன்றும் ஆகாது என்று உடம்பு நன்றாகப் பழகிவிட்டது.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் அந்தச் சுழற்சியைத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். கைகளை விரித்துச் சுழன்றேன், அழகாக வந்தது. உள்ளே இழுத்தேன். அவ்வளவுதான், உலகம் என்னைப் பிடித்துச் சுண்டியது. பதறினேன். பதறியதும் பழகியபடி இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வேகம் இன்னும் ஏறியது. முழங்காலும் முகவாயும் தரையில் தேய்ந்தன. ஹாரிகா ஓடிவந்து "அக்கா, அக்கா" என்று தூக்கினாள். அந்தப் பிள்ளை என்ன தப்புச் செய்தது? அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்கு முகவாயில் பிளாஸ்திரியும் வாயில் நெருப்புமாகப் போனேன். சாஜிதாவும் பின்னாலேயே வந்தாள், அண்ணனைக் காப்பாற்ற.

"ஆறு வாரம்ணா! ஆறு வாரம் உங்க தட்டுல நின்னேன். தளத்துல போனா வேற மாதிரி சுத்துது. என்னத்தைச் செஞ்சு குடுத்தீங்க?"

"ஏனுங்க அம்மணி, முப்பது சுத்துல ஒரு சுத்துக் குறைஞ்சிருந்தாச் சொல்லுங்க, கடையை மூடிப்போடறேன்." அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. பேட்டரியில் ஓடும், கையில் பிடித்துக் காட்டும் வேக மீட்டரை எடுத்தார். "ஏறுங்க. இப்பவே பாத்துப்போடலாம்."

ஏறினேன். கைகளை விரித்தேன். முப்பது. கட்டிக்கொண்டேன். முப்பது. விரித்தேன். முப்பது. "பாருங்க!" என்றார். எனக்குக் கோபத்தில் கண்ணீர் முட்டியது. அவர் சொன்னதும் உண்மை, நான் விழுந்ததும் உண்மை.

அப்போது தலைக்குமேல் ஓடிய மின்விசிறியின் சத்தம் அடங்கியது. ஒன்பது மணி. அன்றைக்கு மாதாந்திர மின்தடை என்பதை மூன்று பேரும் மறந்திருந்தோம். மோட்டாரின் முனகல் நின்றது. தட்டு என்னைச் சுமந்துகொண்டு சும்மா ஓடியது, கொஞ்சம் மெதுவாயிற்று. கீழே தள்ளிவிடுமோ என்ற பயத்தில் நான் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். ஜன்னல் பாய்ந்து வந்தது. செம்புச் சுருள்கள் ஒரே கோடாயின. தளத்தில் என்னைச் சுண்டிய அதே வேகம்.

"அண்ணா, பிடிங்க!" என்று கத்தினாள் சாஜிதா.

அவர் பிடிக்கவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டின் இழுப்பில் தட்டு தானாக ஓய்ந்து நின்றது. தலை சுற்ற நான் சுவரைப் பிடித்தேன்.

"இருபத்தேழுக்கு இறங்கினது," என்றார் மெதுவாக, "நாப்பத்தாறுக்குப் போச்சுங்க. கரண்டே இல்லாம."

பிறகு அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அட அல்லாவே! நீங்க கையை உள்ளாற இழுக்கறப்ப தட்டு ஓடப் பாத்திருக்குது. நம்ம மோட்டாரு உடாமப் பிடிச்சு வெச்சிருக்குது. ஸ்பீடு மாறக்கூடாதுன்னு நான்தானே டிரைவு போட்டேன்? மாறோணும்ங்கறதுக்குத்தானே நீங்க வந்தீங்க!"

எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து திருப்புகிற விசை இல்லையென்றால் கோண உந்தம் மாறாது. ஐந்து மதிப்பெண். மனப்பாடம் செய்து எழுதி வாங்கினேன். வெளியிலிருந்து திருப்புகிற விசை என் காலுக்கடியில் ஆறு வாரமாக முனகிக்கொண்டிருந்தது, அதன்மேலேயே ஏறி நின்று தூளி, சுகம் என்று கண் சொருகியிருக்கிறேன். என்னைவிட முட்டாள் யார்?

"ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?" என்றாள் சாஜிதா.

அவர் எழுந்து பெல்ட்டைக் கழற்றி மூலையில் எறிந்தார். மேசையிலிருந்து கைக்கொன்றாக இரண்டு பித்தளை இம்பெல்லர்களை எடுத்தார். பம்புக்குள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரங்கள் அவை, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும். அவற்றைப் பிடித்துக் கைகளை நீட்டியபடி தானே தட்டில் ஏறி நின்றார். "தள்ளி உடுங்க அம்மணி."

தோளைப் பிடித்து மெல்லத் தள்ளினேன். மெதுவாகச் சுழன்றார். இம்பெல்லர்களை நெஞ்சுக்கு இழுத்தார். லுங்கி விரிந்து, மனிதர் பம்பரமாகிவிட்டார். "யா அல்லா!" என்று கத்திக் கைகளை நீட்டினார். வேகம் அடங்கியது. இழுத்தார், ஏறியது. நீட்டினார், இறங்கியது. மறுபடியும் மறுபடியும். நாற்பத்தைந்து வயதுக்காரர், சிரிப்பை நிறுத்த முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். மின்சாரமில்லாத பட்டறையில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருந்தது, அந்தப் பித்தளை அதில் மஞ்சளாக வந்து வந்து போனது. என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"எடை தள்ளி இருந்தாப் பெரிய வட்டம் சுத்தோணும்," என்றார் இறங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு. "கிட்ட வந்தாச் சின்ன வட்டம். உள்ள இருக்கற சுழற்சி எங்கயும் போறதில்லீங்க, அதனால வேகமாச் சுத்தித்தான் ஆகோணும்."

அப்போதுதான் எனக்குப் போன வருடம் விளங்கியது. அன்றைக்கும் பயந்தேன். பயந்தால் மனுஷி என்ன செய்வாள்? தன்னைத்தானே கட்டிக்கொள்வாள். மழைக்கும் அதுதான், கெட்ட செய்திக்கும் அதுதான். சுழலும்போது அதைச் செய்தால் எதற்குப் பயந்தோமோ அதுவே இன்னும் பெரிதாகும். மணிக்கட்டு உடைந்தது எனக்குத் திறமை இல்லாததால் அல்ல. அதை நினைத்ததும் அங்கேயே விசும்பிவிட்டேன். சாஜிதா என் பிளாஸ்திரியைச் சரி செய்வதுபோல முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மீதி நான்கு நாள்தான். பெல்ட் இல்லாத தட்டில் ஏறி, முப்பதிலிருந்து ஐம்பத்தெட்டுக்குப் போகும் அந்தப் பாய்ச்சலைத் தினமும் ஐம்பது தடவை வாங்கிக்கொண்டேன். பயம் வந்ததும் விரி, பதறாமல் விரி என்று உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உடம்பு லேசில் கேட்கிற ஜாதியா? முதல் இரண்டு நாளும் கை நெஞ்சுக்கே ஓடியது. மூன்றாம் நாள்தான் கொஞ்சம் இணங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஹாரிகா முதலில் ஆடினாள். சுழற்சியில் மூன்று சுற்று வந்து கால் தடுமாறிவிட்டது. பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்: "சாய்ப்ரியா."

பாட்டு முக்கால்வாசி நல்லபடியாகப் போயிற்று. பிறகு வளைந்து வந்து கைகளை விரித்துச் சுழன்றேன். வேலி, மரம், பெஞ்சு, சாஜிதாவின் நீலத் துப்பட்டா. உள்ளே இழுத்தேன். பாய்ந்தது. ஒன்று. எல்லாம் பச்சைச் சாயமாயிற்று. இரண்டு. மணிக்கட்டில் பிளேட் இருக்கும் இடம் ஜில்லென்றது. பயம் வந்துவிட்டது. கை இன்னும் இறுகப் பார்த்தது. விரித்தால் உடனே அடங்கிவிடும், தப்பித்துவிடலாம். ஆனால் எண்ணிக்கை இரண்டுதான்.

காலுக்கடியில் மோட்டார் இல்லை. என்னைப் பிடித்து வைக்க யாரும் இல்லை, என்னைச் சுண்டிவிடவும் யாரும் இல்லை. இந்த வேகம் முழுக்க நானே சுழற்சிக்குள் நுழையும்போது கொண்டுவந்தது. கையை இறுக்கவுமில்லை, விரிக்கவுமில்லை. அங்கேயே வைத்திருந்தேன். மூன்று. பயம் போகவில்லை, அதுவும் என்னோடு சேர்ந்து சுற்றியது. சுற்றட்டும் என்று விட்டுவிட்டேன். நான்கு.

போதும். ஆனால் நான் விரிக்கவில்லை. ஐந்தாவது சுற்று எனக்காக. பிறகு கைகளைக் கதவு திறப்பதுபோல மெல்லத் திறந்தேன். பச்சை பிரிந்து மரமாயிற்று, வேலியாயிற்று, அம்மாக்களாயிற்று. ஒற்றைக்காலில் வழுக்கி வந்து, நின்றேன். விழவில்லை. தேர்வு நடத்தியவர்கள் எதையோ எழுதிக்கொண்டிருக்க, தளத்தின் நடுவில், விரித்த கையை மடக்காமலே, அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதேன்.