லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும்

அன்று டினுஷாவிடம் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. "வகுப்புப் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள்" என்றேனா, "லிங்க் உள்ளவர்கள்தான் பார்ப்பார்கள்" என்றேனா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைத்தான் சொல்லியிருப்பேன் என்று அஞ்சுகிறேன்.

மண்டூரில் அந்த மார்கழியில் வயல்வட்டைப் பக்கத்து வீதிகள் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தன. பதினோராம் ஆண்டு வகுப்பில் முப்பத்தொரு பேர்; பாதிப் பேர் வரவில்லை. வராதவர்களுக்காக இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தை என் போனில் பதிவு செய்தேன். கடைசிக் கணக்கைக் கரும்பலகையில் செய்தவள் டினுஷா. திக்கித் திக்கித்தான் பேசுவாள். இரண்டு வருடத்தில் அவள் வகுப்பு முன்னால் வந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு படியையும் வாய்விட்டு விளக்கினாள். "எக்ஸ்" என்ற ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"வெளிய போகாதுதானே சேர்?" என்று கேட்டாள். போகாது என்றேன்; அதற்கு மேல் என்ன சொன்னேன் என்பதுதான் நினைவில்லை. அந்தப் பகுதியை நான் வெட்டியிருக்கலாம். அவ்வளவு சுத்தமாகச் செய்த கணக்கை வெட்ட மனம் வரவில்லை.

முதலில் யூடியூபில் பிரைவேட்டாகத்தான் ஏற்றினேன். பிரைவேட் என்றால் நாம் அழைத்த மின்னஞ்சல்காரர் மட்டுமே பார்க்கலாம். மின்னஞ்சல் கேட்டேன். நான்கு பேர் தந்தார்கள். மற்றவர்களின் போன்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் கொடுத்தது போன் கடைக்காரர். அது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "சேர், பாக்கேலாதெண்டு வருது" என்று இரவு முழுக்க வட்சப்பில் குரல்கள்.

மறுநாள் கணினிப் பாடம் எடுக்கும் சதீசனிடம் கேட்டேன். "அன்லிஸ்டெட் ஆக்குங்க சேர். தேடினா வராது, உங்கட செனல்லயும் தெரியாது. லிங்க் இருந்தாத்தான் ஓடும். பிரைவேட் மாதிரித்தான்."

மாதிரித்தான். அந்தச் சொல்லை நம்பி மாற்றினேன். லிங்கை வகுப்பு வட்சப் குழுவில் போட்டேன். சதீசனும் அந்தக் குழுவில் இருந்தான்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தவர்களின் எண்ணிக்கை எண்ணூற்றைத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாத சந்தோஷம்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போக வாவி கடக்கும் படகில் ஏறினேன். வேறு பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் மூன்று பேர். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்து, "எ... எ... எ... எக்ஸ்" என்றான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனில் டினுஷாவின் முதுகு. பக்கத்தில் என் கை.

"எங்க எடுத்த?" என்று அவனிடம் கேட்டேன்.

"சதீசன் சேர்ர செனல்ல கிடக்கு. 'ஓ லெவல் கணிதம்' பிளேலிஸ்ட்."

மறுநாள் காலையில் ஆசிரியர் அறையில் சதீசன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நான் பப்ளிக் ஆக்கல்லயே சேர். இந்தா பாருங்க, இன்னும் அன்லிஸ்டெட்தான்."

"பப்ளிக் பிளேலிஸ்டில போட்டா ஊரே பாக்கும் எண்டு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நல்ல பாடம், நாலு பேர் பாக்கட்டுமே."

"அந்தப் பிள்ள?"

"திக்குவாய்ப் பிள்ளையே கணக்குச் செய்யுதெண்டா மத்ததுகளுக்கு ஊக்கந்தானே."

மேசையை நான் அடித்த அடியில் அவனுடைய தேநீர் கவிழ்ந்தது. "ஊக்கமாடா? உன்ர செனலுக்கா, அவளுக்கா?" என்று கத்தினேன். அவன் சட்டையைத் துடைத்தபடி, "லிங்கைக் குழுவில போட்டது நீங்கதானே சேர்" என்றான். அது உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

அந்த இடத்திலேயே பிரைவேட் ஆக்கினேன். அவனுடைய பிளேலிஸ்டில் அது ஓடாமல் போனது. ஆனால் அந்த அரை நிமிடத்தை யாரோ ஏற்கனவே வெட்டி எடுத்து வட்சப்பில் விட்டிருந்தார்கள். அதற்கு எந்தப் பொத்தானும் இல்லை.

மூன்று நாள் கழித்து டினுஷா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பேசத் தொடங்கியபோது ஒவ்வொரு சொல்லும் தடுக்கித்தான் வந்தது; நான் அவள் முடிக்கும்வரை குனிந்திருந்தேன்.

"பிரைவேட், அன்லிஸ்டெட், பப்ளிக், மூண்டும் உங்களுக்குத் தெரியும் சேர். எனக்கு அப்ப ஒண்டுமே தெரியாது. நான் உங்களத்தான் கேட்டனான்."

டினுஷா பிறகு என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தாள். உயர்தர வகுப்புக்கு மட்டக்களப்பு நகரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். சதீசன் இப்போதும் செனல் நடத்துகிறான். பத்தாயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். நான் அதிபரிடம் கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதில் வரவில்லை. நான் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன். சதீசனோடு பேசுவதில்லை.