உஸ்மாவின் பெயர்

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தின் சமையலறை மேசையில், சாப்பாட்டு நேரத்தில், மாதவி அந்த வாட்ஸ்அப் செய்தியை மறுபடியும் அழித்தாள். "டியர் உஸ்மா, நலமா? நெடுநாள் ஆயிற்று" என்று தொடங்கியிருந்தது. யாரோ காப்புறுதி விற்க வருவதுபோல் இருந்தது.

பள்ளித்தோழி மலர்விழிதான் உஸ்மாவின் எண்ணைத் தந்தாள். கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதலில் உஸ்மாவிடம் கேட்டு, அவள் "கொடு" என்ற பிறகுதான் அனுப்பினாள்.

"வாய்ஸ் நோட் அனுப்பப் போறேன்" என்றாள் மாதவி ஃபோனில். 'வாய்ஸ்' வெளியே வரவே நேரமானது.

மலர்விழி தயங்கினாள். "டைப் பண்ணு லா. இத்தனை வருஷம் கழிச்சு அவ கேக்குற முதல் குரல் திக்கிட்டு வரணுமா? பாவம்னு நினைப்பா."

"நினைக்கட்டும்."

கிள்ளான் பள்ளியில், பதினைந்து வயதில், மூன்றாம் படிவம் படித்தபோது வாய்மொழித் தேர்வு. மாதவிக்கு முதல் வரியே நின்றுவிட்டது. வகுப்பு சிரித்தது. ஆசிரியை "போதும், உட்கார்" என்றார். அப்போது பின்வரிசையில் நாற்காலி தரையில் உரசியது. உஸ்மா எழுந்து நின்று, "அவ முடிக்கட்டும், டீச்சர்" என்றாள். மாதவி கடைசி வாக்கியத்தை முடிக்கும்வரை அவளும் உட்காரவில்லை. அந்த வருட இறுதியில் உஸ்மாவின் குடும்பம் ஜொகூருக்குப் போய்விட்டது. சண்டையில்லை, கோபமில்லை. யாரும் யாருக்கும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மாதவி மைக் குறியை அழுத்தினாள். முதல் பதிவில், 'உ' வராது என்று தெரிந்து "ஹலோ தோழி" என்று சுற்றிப்போனாள். பள்ளியிலும் அப்படித்தான், பெயரைச் சொல்லமுடியாமல் "ஏய்" என்றே கூப்பிட்டாள். அந்தப் பதிவை அழித்தாள். மறுபடி அழுத்தினாள்.

"உ... உ... உஸ்மா. நான் மாதவி. கி... கிள்ளான் மாதவி. எனக்கு ஒண்ணும் வேணாம். கல்யாணப் பத்திரிகையும் இல்ல. அன்னைக்கு என்னை முடிக்க விடச் சொன்ன. டீச்சர் முறைச்சாங்க, நீ உட்காரல. அதுக்கப்புறம் எந்த இன்டர்வியூவுலயும் நான் பாதியில உட்காரல. தேங்க்ஸ் சொல்லணும். பதில் போடணும்னு இல்ல."

பக்கத்து மேசையில் லோகன் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மாதவி எழுந்து வெளியே போகவில்லை. திரும்பக் கேட்டும் பார்க்கவில்லை. அனுப்பினாள்.

நீலக் குறி விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. சோறு ஆறியது. மலர்விழி சொன்னது சரியோ என்று ஒருமுறை தோன்றியது. "சரியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ரசத்தை ஊற்றினாள்.

பதில் குரலாக வந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"மாது! கிள்ளான் பக்கமே திரும்பி வந்துட்டேன், மேரு ஃபேக்டரியில இருக்கேன், பிரேக். நான் அப்படியா செஞ்சேன்? சத்தியமா ஞாபகம் இல்லடி." ஒரு மூச்சு. "இப்ப இங்க எல்லாரும் என்னை வாய மூடுன்னுதான் சொல்றாங்க. நான் எப்படி நின்னேன்னு முழுசா சொல்லேன். இப்பவே கூப்பிடவா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. அறை முழுக்கத் தலைகள் திரும்பின. மாதவி ஸ்பீக்கரை அழுத்தி, ஃபோனை மேசை நடுவில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "உ..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம், இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, ஒருத்தி பேசாமல் காத்திருந்தாள்.