இருவர் பேக்கேஜ்

எங்கள் எதிர்வீட்டு மாடியில் பெரியவள் இருக்கிறாள், கீழே சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள். பதினோரு மாதமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. என்ன காரணம் என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரண்டுமே நம்புகிற மாதிரி இருந்ததால் எதை ஒதுக்குவது என்று தெரியவில்லை.

பேச்சுதான் கிடையாதே தவிர, தகவல் போக்குவரத்து நிற்கவில்லை. "டேங்க் கழுவ ஆள் வருதுன்னு கீழ சொல்லிடுங்க" என்பாள் பெரியவள். "துணிய நல்லா பிழிஞ்சு காயப்போடச் சொல்லுங்க, என் தலையில சொட்டுது" என்பாள் சின்னவள். தெருவைக் கடந்து போய் இதையெல்லாம் சேர்ப்பிப்பது என் வேலை. சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று வேறு யாரையும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட இருவரையும் சேர்த்து ஒரே ஹெல்த் செக்கப்பில் போட அந்த அண்ணன் தம்பிக்குத்தான் தோன்றும். இருவர் பேக்கேஜ் என்று ஒரு சலுகை வந்ததாம். தனித்தனியாகப் போவதைவிட மலிவு. ஒரே நாளில், ஒரே புக்கிங்கில் இருவரும் வரவேண்டும் என்பது நிபந்தனை. ரத்தம் கொடுக்கப் போன இடத்திலாவது பேசித் தொலைவார்கள் என்று ஆண்கள் இருவரும் மனக்கோட்டை கட்டினார்கள். அண்ணன் தன் கார்டில் கட்டினான், தம்பி தன் பங்கைக் கையில் கொடுத்தான். தொடர்புக்குப் பெரியவளின் போன் நம்பர். சின்னவள் சனிக்கிழமை என்றாள், அப்படியே பதிவாயிற்று. மாமியார் போன பிறகு அந்த வீட்டில் சின்னவள் சொல் எடுபட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சனிக்கிழமை ஆறரை மணிக்குச் சின்னவள் என் கதவைத் தட்டினாள்.

"துணைக்கு வரீங்களா அக்கா? அவர் வேலையா வெளியூர் போயிட்டார்."

"மேல இருக்கிறவங்க வரலையா?"

"அவங்க அவங்களா வருவாங்க. நான் ஏன் கேக்கணும்?"

முதல் நாள் ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டது, அப்புறம் தண்ணீர் மட்டும்தான் என்றாள். குப்பை கொட்டக்கூட பவுடர் பூசாமல் வெளியே வராதவள் அன்று வெறும் முகத்தோடு இருந்தாள். கேட்டதற்கு, "மார்பு ஸ்கேன் இருக்கு, பவுடர் போடக்கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு" என்றாள். முகத்துக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே கிளம்பினேன்.

பரிசோதனை மையத்தின் கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். காலை ஏழரைக்கே அலுத்துப்போன முகம். புக்கிங் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னைக்கு இல்லையே மேடம். இருபத்தெட்டாம் தேதிக்கு மாத்தியிருக்கு" என்றாள்.

"யார் மாத்தினது?"

"வியாழக்கிழமை போன் பண்ணி மாத்தியிருக்காங்க. பதிவான நம்பர்லேருந்துதான் வந்திருக்கு."

சுவரில் சிறுநீரகத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. நான் அதை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் பெரியவள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "செக்கப்ப இருபத்தெட்டுக்கு மாத்திட்டேன், கீழ சொல்லிடுங்க. அவ குறிச்ச தேதிக்கு நான் ஏன் போய் நிக்கணும்?" என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் சின்னவள் கதவைத் தட்டியபோது தூக்கக் கலக்கத்தில் தேதி உறைக்கவில்லையே தவிர, இவ்வளவு சுவையான சேதியை நான் மறந்துவிடவில்லை. தையல்காரியிடம் சொன்னேன். மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். இஸ்திரிக்காரர் சிரித்த சிரிப்பில் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன். இத்தனை பேரிடம் சொன்னதில், சொல்ல வேண்டியவளிடமும் சொல்லியாயிற்று என்றே மனதில் பதிந்துவிட்டது.

"சரி, திரும்ப இன்னைக்கே மாத்திக் கொடும்மா. பதினோரு மணி நேரமா வயித்தைக் காயப்போட்டு வந்திருக்கேன்."

"ஒரு தடவைதான் மாத்தலாம். அதை யூஸ் பண்ணிட்டீங்க."

"நான் பண்ணல."

"சிஸ்டத்துக்கு அது தெரியாது மேடம்."

"அப்ப என் பாதிப் பணத்தைக் கொடு. அந்த ஸ்கேனை மட்டும் தனியா எடுத்துக்கிறேன்."

"பாதின்னு பிரிக்க முடியாது. முழுசா கேன்சல் பண்ணணும், கட்டினவர் எழுதிக் கொடுக்கணும். பத்து பர்சன்ட் பிடிச்சுட்டு மீதி அதே கார்டுக்குப் போகும். பத்து வேலை நாள் ஆகும். தனியா எடுக்கணும்னா டாக்டர் சீட்டு வேணும், சார்ஜும் தனி."

"நீங்க வச்சிருக்கிறது செக்கப்பா, சிறையா?"

"கண்டிஷனை படிச்சுட்டுத்தானே மேடம் டிக் பண்றீங்க."

"நான் டிக் பண்ணல. உன் வேலை இல்லைங்கறதையே எத்தனை விதமா சொல்லுவ?"

பின்னால் சிறுநீர்க் குப்பியைக் கையில் ஏந்தி நின்ற ஒருவர், "கொஞ்சம் சீக்கிரம் பேசினா நல்லாருக்கும்" என்றார். சின்னவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் குப்பியோடு நாற்காலிக்குப் போய்விட்டார்.

சின்னவள் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஸ்கேன் மட்டுமாவது இன்னைக்கு எடுக்க வழி இருக்கா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மேடம், எதாவது இருக்கா?"

"இடது பக்கம் கட்டி மாதிரி இருக்கு. அஞ்சு வாரமா இருக்கு. வீட்டுல யாருக்கும் தெரியாது. எல்லாரும் போற செக்கப்புன்னா ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னுதான் நாளை எண்ணிட்டு இருந்தேன். இன்னும் பத்தொன்பது நாள் என்னால முடியாது."

நான் சிறுநீரகப் படத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். கவுன்ட்டர் பெண் எழுந்து உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தாள். டை கட்டிய, தூக்கம் தெளியாத மனிதர்.

"இன்னைக்கு இடம் இருக்கு. ஸ்பெஷலா நான் அப்ரூவ் பண்ணலாம்" என்றார். "ஆனா ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். லேடி டாக்டர் பதினோரு மணிக்குக் கிளம்பிடுவாங்க. கூட வர வேண்டியவங்களுக்கு போன் போடுங்க."

"நான் போட மாட்டேன்" என்றாள் சின்னவள்.

வேறு வழியில்லாமல் நான்தான் போட்டேன். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"ஒன்னும் இல்ல, நாங்க செக்கப் பண்ற இடத்துல இருக்கோம்" என்று ஆரம்பித்தேன்.

"அங்க ஏன் போனீங்க? தேதி மாறிடுச்சுன்னு கீழ சொல்லச் சொன்னேன்ல? வியாழக்கிழமையே சொன்னேனே. சொன்னீங்களா இல்லையா?"

பெரியவளின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. சின்னவள் என்னைப் பார்த்தாள். குப்பிக்காரரும் பார்த்தார்.

"அது வந்து..." பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் அப்புறம் பேசலாம். சின்னவளுக்கு மார்புல கட்டியாம். நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஸ்கேனாம்."

"மைக் வாங்கித் தரட்டா?" என்றாள் சின்னவள் என்னிடம். "வெளில நின்னு தெருவுக்கும் சொல்லிட்டு வாங்க."

போனில் பெரியவள், "எத்தனாவது மாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஒன்பதே காலுக்குப் பெரியவள் வந்தாள். முகத்தில் அப்பிய பவுடர், அவசரத்தில் கலைந்த தலை. சின்னவளைப் பார்க்கவில்லை. நேராக கவுன்ட்டருக்குப் போனாள்.

"எங்க போடணும்?"

"நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?"

"ஒன்பது மணிக்குச் சாப்பிடாம? நல்லா சாப்பிட்டுத்தான் வரேன்."

மேனேஜர் விளக்கினார். இன்று பேக்கேஜைத் திறந்தால் பெரியவளுக்கு ரத்தம் எடுக்க முடியாது, வயிற்று ஸ்கேனும் முடியாது. அவை போனது போனதுதான், இன்னொரு நாளும் கிடையாது, பணமும் திரும்பாது. சம்மதம் என்று எழுதித் தரவேண்டும்.

"அப்ப என் பாதியில எனக்கு என்னதான் மிச்சம்?"

"ஈசிஜி, எக்ஸ்ரே, கண்ணு, உங்களுக்கும் மார்பு ஸ்கேன்."

"போதும். இருபத்தெட்டாம் தேதி இவளோட இன்னொரு காலைப் பொழுதைக் கழிக்கிறதுக்கு இது தேவலை."

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'இஷ்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து நேராக வந்த முதல் வாக்கியத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அஞ்சு வாரமா வச்சுக்கிட்டு இருந்திருக்கியே, நீ என்ன லூசா?"

"உங்ககிட்ட சொல்லியிருந்தா மட்டும்? தேதியைத் தள்ளி வைக்கத்தானே தெரியும் உங்களுக்கு."

"நான் சொல்லி அனுப்பினேன்டி. இவங்ககிட்ட சொல்லி அனுப்பினேன்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல. மருந்துக்கடைக்காரர் நேத்து 'இருபத்தெட்டாமே'ன்னார். மாத்திரை டப்பாவில போட்டிருக்கிற தேதின்னு நினைச்சேன்."

"மருந்துக்கடைக்காரருக்கு யார் சொன்னது?"

அந்த இரண்டு ஜோடிக் கண்களும் ஒரே சமயத்தில் என் பக்கம் வந்தன. குடும்பச் சாயல் என்று ஒன்று இருக்கிறதே, வாழ வந்தவர்களுக்கும் அது வந்துவிடும் போல.

"கீழ என்ன நடக்குதுன்னு என்கிட்ட வந்து சொல்றது இவங்கதானே" என்றாள் பெரியவள்.

"மேல நடக்கிறதை என்கிட்ட சொல்றதும் இவங்கதான். 'துணியை வேணும்னேதான் சொட்ட விடறேன்'னு நீங்க சொன்னதா சொன்னாங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

வாசலில் வந்து நின்ற நர்ஸ் என்னைக் காப்பாற்றினாள். சின்னவளை உள்ளே கூப்பிட்டுவிட்டு, பெரியவளின் முகத்தைப் பார்த்து, "பவுடரா? கழுத்து, அக்குள் எல்லாம் ஈரப் பஞ்சால நல்லா துடைச்சிட்டு வாங்க" என்றாள்.

"துடைக்கிறேன். முதல்ல அவளைப் பாருங்க, டாக்டரம்மா கிளம்பிடப் போறாங்க" என்று நர்ஸையும் அதட்டினாள் பெரியவள். வேண்டுமென்றே என்னிடமிருந்து நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். குப்பிக்காரர்கூட எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

பத்தே முக்காலுக்குச் சின்னவள் வெளியே வந்தாள். கூடவே வந்த டாக்டர், "துணைக்கு யாரு?" என்றார். நான் பாதி எழுந்தேன்.

"நான்தான்" என்றாள் பெரியவள். "இவங்க வழிப்போக்கர்."

டாக்டர் இருவரையும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல் வரவில்லை. நல்ல தடிமனான கதவு. ஆறு நிமிடம் அதன் முன்னால் நின்றேன். வெளியே வந்தபோது சின்னவளின் கண் சிவந்திருந்தது, பெரியவள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். இரண்டும் எதற்கும் அடையாளமாக இருக்கலாம்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இவங்களுக்கு எதுக்கு?" என்றாள் பெரியவள், சின்னவளைப் பார்த்து.

"அதானே" என்றாள் சின்னவள்.

ஒரே ஆட்டோவில் இருவரும் ஏறிப் போனார்கள். நான் பஸ்ஸில் வந்தேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சண்டை நேரடியாகவே நடக்கிறது. மாடியிலிருந்து கீழே, கீழேயிருந்து மாடிக்கு. ஜன்னலைத் திறந்து வைத்தால் முக்கால்வாசி கேட்கும். போன வாரம், "நீர்க்கட்டிதான்னு சொன்னாங்கல்ல, ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா போதும்னாங்கல்ல, அப்புறம் ஏன் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு என் தூக்கத்தையும் கெடுக்கிற?" என்று பெரியவள் கத்தினாள். அப்படித்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. சின்னவள் அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பது சரியாகக் கேட்கவில்லை, அதற்குள் அந்த வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.